மாஷல்லா சொல்லாமல் போகாதீர்கள்



ஜெர்மனியில் குடியிருக்கும் நம் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் பல நாட்களாக என் மேசையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே குடும்பமானவர். முதல் பிள்ளை பிறந்தபோது, அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் துருக்கிய அம்மா ஒருவர் பார்க்க வந்திருக்கிறார். நடந்ததை வாசகி தன் பேச்சிலேயே எழுதியிருக்கிறார்:

"வந்தவுடனை பிள்ளையைப் பார்த்து ஏதோ சொல்லிப்போட்டு, தூ தூ தூ எண்டு மூண்டு தரம் துப்புற மாதிரிச் செய்தவ. எனக்கு நெஞ்சு திக்கெண்டது. பிறகு ஒரு நீலக் கண்ணாடி மணியை எடுத்துப் பிள்ளையின்ரை தோளிலை ஊசியாலை குத்திவிட்டவ. கொஞ்ச மாதத்தாலை அது தன்ரைபாட்டிலை வெடிச்சுப் போச்சுது. நான் பயந்துபோய்ச் சொல்ல, அவ சந்தோசமாச் சிரிச்சுக்கொண்டு, நல்லது, நல்லது எண்டவ."

அவர் கேட்பவை மூன்று. அந்த அம்மா சொன்னது என்ன? அதற்குத் தான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மணி வெடித்தது நல்லதா, கெட்டதா? இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த மணியையும் அதோடு சேர்ந்த சொற்களையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன். அடர்நீலத்தில் வெள்ளை வளையம், அதற்குள் வெளிர்நீலம், நடுவில் கருமை. இந்தக் கண்ணை இன்று கைச்சங்கிலியிலும் சாவிக்கொத்திலும் நம் ஊர்க் கடைகளில்கூடப் பார்க்கிறோம். கைபேசியில் அனுப்பும் படக்குறிகளிலும் 2018இல் அது இடம் பிடித்துவிட்டது. மணி இப்படி உலகம் சுற்றினாலும், அதோடு கூடவே வர வேண்டிய பேச்சு மட்டும் துருக்கியிலேயே நின்றுவிட்டது.

துருக்கியர்கள் இதை நஸர் போன்ஜூவு என்கிறார்கள். நஸர் என்பது பார்வை. போன்ஜுக் என்பது மணி. பார்வை பட்டு ஒருவருக்கோ ஒரு பொருளுக்கோ கேடு வந்தால் 'நஸர் தெய்தி', அதாவது பார்வை பட்டுவிட்டது என்பார்கள். கண்ணூறு, நாவூறு என்ற சொற்களோடு வளர்ந்த வாசகிக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். துருக்கியர் பேச்சில் நஸர் போடுகிறவர் எதிரியாக இருக்க வேண்டியதில்லை. வயிறெரிந்து பார்ப்பவரின் பார்வையும் படும். ஆசையோடு பார்ப்பவரின் பார்வையும் படும். பெற்ற தாயின் கண்ணே தன் பிள்ளைமேல் பட்டுவிடும் என்றும் நம்புகிறார்கள். வெளிர்நிறக் கண், குறிப்பாக நீலக்கண் உள்ளவர்களின் பார்வைக்கு வலு அதிகம் என்ற எண்ணமும் உண்டு. மணி நீலமாக இருப்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் இதுதான்: நீலக்கண்ணை நீலக்கண்ணே எதிர்கொள்ளட்டும்.

அன்புள்ளவர் பார்வையும் பட்டுவிடும் என்றால், பாராட்டாமலே இருந்துவிட முடியுமா? ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வர முடியாது. இந்தச் சிக்கலுக்குத் துருக்கிய மொழி கண்டுபிடித்த வழிதான் மாஷல்லா. அந்த அம்மா உள்ளே வந்தவுடன் சொன்னது அநேகமாக இந்தச் சொல்லாகத்தான் இருக்கும். அரபியிலிருந்து வந்தது, 'இறைவன் நாடியது' என்று பொருள். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் 'மாஷா அல்லாஹ்' என்று கேட்டிருப்பீர்கள். துருக்கியில் அது மதப்பேச்சின் எல்லையைத் தாண்டிவிட்டது. தொழுகைப் பக்கமே போகாதவரும், குழந்தையைப் பார்த்தால், புது வீட்டைப் பார்த்தால், எண்பது வயதிலும் படியேறி வரும் தாத்தாவைப் பார்த்தால் மாஷல்லா என்றுதான் வாய் திறப்பார்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் ஒரு கதை இருக்கிறது. ஒருவனுக்கு இரண்டு திராட்சைத் தோட்டங்கள். சுற்றிலும் பேரீச்ச மரங்கள், நடுவே ஓடும் ஆறு. அவன் தோட்டத்துக்குள் நுழைந்து, இது ஒருநாளும் அழியாது என்று பெருமை பேசுகிறான். கூட இருந்த தோழன், உள்ளே வரும்போது 'இறைவன் நாடியது' என்று நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கிறான். பிறகு தோட்டம் பாழாகிறது. செலவழித்ததை எண்ணி அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். அழகான ஒன்றைப் பார்த்த உடனே, அது யாருடைய கொடை என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் காட்டுவார்கள். பார்வை அந்தப் பொருளிலேயே ஊன்றி நின்றுவிடாமல், கொடுத்தவன் பக்கம் திரும்பிவிடுகிறது. கேட்பவருக்கும், இவர் பொறாமையோடு பார்க்கவில்லை என்ற நிம்மதி வருகிறது.

ஆகவே துருக்கியில் ஒரு பாராட்டு மாஷல்லாவோடுதான் முழுமை பெறும். குழந்தையைப் பார்த்து, என்ன அழகு, என்ன கண்கள் என்று அடுக்கிவிட்டு நிறுத்தினால், தாயின் முகம் மெல்ல மாறுவதைப் பார்க்கலாம். பாட்டி பக்கத்தில் இருந்தால் மாஷல்லா சொல் என்று நேரடியாகவே கேட்டு வாங்கிவிடுவார். அதில் கோபம் இல்லை. விட்டுப்போனதை நினைவுபடுத்துகிறார், அவ்வளவுதான். பாராட்டு பெரிதாக இருந்தால் அதற்கேற்ப 'கர்க் பிர் கெரே மாஷல்லா' என்பார்கள். நாற்பத்தொரு முறை மாஷல்லா என்று பொருள். நாற்பத்தொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னாலே போதும்.

வெளியூர்க்காரர்கள் தடுமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஷல்லா வேறு, மாஷல்லா வேறு. இனி நடக்க வேண்டியதற்கு இன்ஷல்லா. நடந்து கண்முன்னே நிற்பதற்கு மாஷல்லா. பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்னும்போது முதலாவது, படித்துத் தேறிவிட்டான் என்னும்போது இரண்டாவது. கர்ப்பிணியின் வயிற்றைப் பார்த்து, சுகமாகப் பிறக்கட்டும் இன்ஷல்லா என்பார்கள். பிறந்த பிறகு தொட்டிலைப் பார்த்து மாஷல்லா. மாற்றிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து அழகாக இருக்கும் இன்ஷல்லா என்றால், இப்போது அழகில்லையா என்று கேட்பது போல ஆகிவிடும்.

சொல்லால் மட்டும் போதாது, எழுத்திலும் வேண்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. உஸ்மானியர் காலத்து வீடுகளின் முகப்பில் மாஷல்லா என்று அழகிய எழுத்தில் பொறித்து, வீடு கட்டிய ஆண்டையும் சேர்த்திருப்பார்கள். சுன்னத்துக்கு அலங்கரித்து அழைத்து வரும் சிறுவனின் மார்புக்குக் குறுக்கே போடும் பட்டையில் அதே சொல் மின்னும். லாரிகளின் நெற்றியிலும் அதுவே. லாரிகளில் இன்னொரு வாசகமும் பெயர்பெற்றது: கண் வைக்காதே, உழை, உனக்கும் கிடைக்கும் என்ற கருத்தில் ஒரு சின்னச் சந்தம். கடன் வாங்கி வண்டி எடுத்தவரின் பயமும் ரோசமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

இனி அந்தத் 'தூ தூ தூ'. வாசகி பயப்பட வேண்டியதே இல்லை. எச்சில் வராமல், உதட்டு நுனியில் ஒலி மட்டும் எழுப்புவார்கள். 'தூ தூ தூ மாஷல்லா' என்று ஒரே மூச்சில் வரும். இது ஏஜியன் கடலுக்கு அந்தப் பக்கம் கிரேக்கர்களிடமும் இருக்கிறது. அவர்கள் 'ஃப்து ஃப்து ஃப்து' என்பார்கள். திருஷ்டி கழிக்கும்போது நம் பாட்டிமாரும் இதையே செய்தார்கள் என்பதை வாசகியே நினைத்துப் பார்த்திருப்பார். அந்நிய முகத்திலிருந்து வந்ததால்தான் நெஞ்சு திக்கென்றிருக்கும். சில வயதான பெண்கள் இன்னும் ஒரு படி போய், குழந்தையைப் பார்த்து, சீ, என்ன அசிங்கமான பிள்ளை என்பார்கள். முகம் முழுக்கச் சிரிப்போடு, முத்தம் கொடுத்துக்கொண்டே சொல்வார்கள். அழகு என்ற சொல்லே பார்வையை இழுத்துவிடும் என்ற அச்சம்தான் அதற்குக் காரணம்.

பிறரைப் பாராட்டும்போது சொல்பவை இவை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது வேறு சொற்கள். குழந்தை ஒரு மாதமாகச் சளி பிடிக்காமல் இருக்கிறது என்று ஒரு தாய் சொல்லத் தொடங்கினால், வாக்கியம் முடிவதற்குள் 'நஸர் தெய்மெசின்', அதாவது பார்வை படாமல் இருக்கட்டும், என்று சேர்த்துக்கொள்வார். இல்லாவிட்டால் 'ஷெய்தான் குலானா குர்ஷுன்' என்பார். சைத்தானின் காதில் ஈயம் என்று பொருள். நல்ல செய்தி சைத்தானின் காதில் விழுந்துவிடக் கூடாது. அந்தக் காதை ஈயத்தால் அடைத்துவிடு! இதைச் சொல்லும்போது தன் காது மடலைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் மரத்தில், மேசையோ கதவோ, விரல் முட்டியால் தட்டுவார்கள்.

இந்தச் சொற்களில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று: 'எலெம்தெரே ஃபிஷ், கெம் கோஸ்லெரே ஷிஷ்'. பாதி மந்திரம், பாதி விளையாட்டு. முதல் பகுதி, குர்ஆனின் யானை அத்தியாயத்தின் தொடக்கச் சொற்கள் மக்கள் வாயில் தேய்ந்து உருமாறியது என்பார்கள். இரண்டாவது பகுதிக்குப் பொருள் தெளிவு: கெட்ட கண்களில் கம்பி பாயட்டும். ஷிஷ் கபாப் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கம்பி எது என்று தெரியும். இறைச்சித் துண்டுகளைக் கோத்துத் தணலில் வாட்டும் அதே ஷிஷ். மாஷல்லா பார்வையைப் பணிவாகத் திருப்பி விடுகிறது. இது எதிர்த்தே தாக்குகிறது.

கண்ணைக் குத்தும் இந்தக் கற்பனை துருக்கியர்கள் அந்த மண்ணுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது. சிரியா எல்லையை ஒட்டிய அந்தாக்யா, பழைய அந்தியோக்கியா நகரம். 1930களில் அங்கே நடந்த அகழாய்வில் ரோமானியர் காலத்து வீடு ஒன்று வெளிப்பட்டது. அதன் நுழைவுப் பகுதியின் தரையில், சிறுசிறு வண்ணக் கல் பதித்த ஓவியம், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் ஒரு பெரிய கண். அதை ஒரு திரிசூலமும் வாளும் குத்துகின்றன. தேள் கொட்ட வருகிறது. பாம்பு, பூரான், நாய், சிறுத்தை, ஒரு பறவை எல்லாம் சுற்றி நின்று தாக்குகின்றன. ஓரத்தில் கொம்பு வைத்த குள்ளன் ஒருவன், கண்ணுக்கு முதுகைக் காட்டியபடி, கையில் குச்சிகளோடு நிற்கிறான். மேலே கிரேக்க எழுத்தில் இரண்டே சொற்கள்: 'காய் சூ'. 'நீயும்' என்று பொருள்.

அந்த 'நீயும்' யாரைப் பார்த்துச் சொன்னது? வாசலைக் கடந்து வருபவரைப் பார்த்துத்தான். நீ என்ன எண்ணத்தோடு வருகிறாயோ, அது உனக்கும். கெட்ட கண்ணோடு வந்தால் இந்தத் திரிசூலமும் தேளும் உன் கண்ணுக்கு; நல்ல மனத்தோடு வந்தால் அந்த நன்மை உனக்கும். வரவேற்பும் எச்சரிக்கையும் ஒரே வாசகத்தில் அடங்கிவிட்டன. இந்த ஓவியம் அந்தாக்யாவில் உள்ள ஹதாய் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. சொல், படம் இரண்டும் அந்த வாசலில் சேர்ந்தே இருந்தன என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மணியும் மாஷல்லாவும் இன்று ஒரே தொட்டிலில் சேர்ந்திருப்பது அந்த வழியில்தான். கண்ணுக்கு எதிராகக் கண்ணை வைக்கும் வழக்கம், மத்தியதரைக் கடலைச் சுற்றி இருந்த பலரிடமும் இஸ்லாத்துக்கும் கிறித்தவத்துக்கும் முந்திய காலத்திலேயே இருந்தது. பினீஷியர்கள் கண் வரைந்த கண்ணாடி மணிகளைச் செய்து கடல் கடந்து விற்றிருக்கிறார்கள்.

இன்றைய மணி எங்கே பிறக்கிறது என்று கேட்டால், இஸ்மிர் நகரை ஒட்டிய இரண்டு ஊர்களைச் சொல்ல வேண்டும். ஒன்று கோரெஜே. மற்றது கெமால்பாஷா பகுதியில் உள்ள குருதெரே. இந்த மணியாலேயே பெயர்பெற்றதால் ஊரின் பெயரையே 2007இல் நஸர்கோய் என்று மாற்றிக்கொண்டார்கள். நஸர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்மிருக்கு வந்து சேர்ந்த கண்ணாடிக் கைவினைஞர்களிடமிருந்து தொடங்கிய தொழில் இது. நகருக்குள் உலையின் புகையும் நெருப்பும் தொல்லையானபோது பட்டறைகள் ஊருக்கு வெளியே நகர்ந்தன. முதலில் கோரெஜே, பிறகு குருதெரே. விறகுக்குப் பைன் மரமும் பக்கத்திலேயே கிடைத்தது.

உலையை ஓஜாக் என்பார்கள். மண்ணும் செங்கல்லும் கொண்டு கவிழ்த்த கூடை போலக் கட்டியது. நடுவில் பைன் விறகு எரியும். அதன் பிசின் நல்ல தழலைக் கொடுக்கும். சுற்றிலும் சின்னச் சின்ன வாய்கள். ஒவ்வொரு வாயின் முன்பும் ஓர் உஸ்தா, அதாவது கைதேர்ந்த தொழிலாளி, தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே பழைய பாட்டில், உடைந்த கண்ணாடி எல்லாம் உருகித் தேன்பதத்தில் கிடக்கும். வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அடர்நீலத்துக்குக் கோபால்ட், பசுநீலத்துக்குத் தாமிரம் என்று உலோகச் சேர்மங்களைக் கலந்து நிறம் கொடுப்பார்கள்.

உஸ்தாவின் கையில் இரண்டு இரும்புக் கம்பிகள். ஒன்றின் நுனியில் நீலக் குழம்பைத் தோய்த்து, கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உருண்டையாக்குவார். தட்டையான இரும்பால் ஓர் அழுத்து; உருண்டை வில்லையாகிறது. இரண்டாவது கம்பியால் வெள்ளைக் கண்ணாடியில் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் வைத்து அழுத்துவார். அதன்மேல் வெளிர்நீலச் சொட்டு; கடைசியாகக் கருமணி. இவ்வளவும் சில நொடிகளில் முடிய வேண்டும். குளிர்ந்துவிட்டால் சொட்டு ஒட்டாது. அதிகம் சூடாக இருந்தால் கண் வழிந்து கோணிவிடும். கம்பியைத் தட்டி மணியை உதிர்த்தால், கம்பி இருந்த இடமே துளை.

இதற்கு அடுத்த கட்டம்தான் நம் வாசகியின் மூன்றாவது கேள்விக்கு நெருங்கியது. உதிர்ந்த மணியை வெளிக்காற்றில் வைக்க முடியாது. உலையை ஒட்டியே, சூடு குறைந்த ஓர் அறை இருக்கும். அதற்குள் போட்டு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். கண்ணாடியின் மேற்பரப்பு சட்டென்று ஆறி இறுகி, உள்ளே இன்னும் சூடாக இருந்தால், பின்னால் உள்ளே சுருங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த இழுவிசை மணிக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒருநாள் ஜன்னலோரக் குளிரோ, வெந்நீரோ, மேசையில் ஒரு சின்னத் தட்டலோ போதும். தானாகவே வெடித்தது போல விரிசல் விடும். வெவ்வேறு நிறக் கண்ணாடிகள் சூட்டில் விரிவதும் ஆறுகையில் சுருங்குவதும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே கதைதான். விரிசல் நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே வளையமாக ஓடினால், நிறங்கள் சேராத குறை. குறுக்கே நேராகப் பிளந்தால், பெரும்பாலும் அவசரமாக ஆறவிட்டது அல்லது அடிபட்டது.

இது கண்ணாடியின் கணக்கு. வீட்டுப் பெரியவர்களின் கணக்கு வேறு. மணி உடைந்தால் 'நஸர் சக்த்தா', பார்வை வெளியேறிவிட்டது என்பார்கள். குழந்தைமேல் விழ வேண்டியதை மணி தன்மேல் வாங்கிக்கொண்டது. அதன் வேலை முடிந்தது. ஆகவே அந்த அம்மா சிரித்ததும் நல்லது என்றதும் மனதாரச் சொன்னவை. அவர் கண்ணுக்கு ஓர் ஆபத்து கடந்து போயிருந்தது. கோப்பையோ கண்ணாடித் தட்டோ கை தவறி உடைந்தால்கூட, போகட்டும், நஸர் போயிற்று என்று சொல்லித்தான் துடைப்பத்தை எடுப்பார்கள். இழப்பு நடந்த அந்த நொடியிலேயே மனம் ஆறிவிடுவதற்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தெரியவில்லை. உடைந்த மணியைப் பசை போட்டு ஒட்டி மறுபடி மாட்டுவதில்லை. அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார்கள். அதை அன்பளிப்பாக யாராவது கொடுத்தால் மகிழ்ச்சி அதிகம்.

வாசகி அடுத்த மணியைத் தானே வாங்குவதாக இருந்தால், உலையில் செய்ததா என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கைவேலை மணியில் வெள்ளை வளையம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். பின்புறம் அழுத்திய தடம் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சின்னக் காற்றுக் குமிழிகள் தென்படலாம். கையில் எடுத்தவுடன் குளிர்ச்சியும் கனமும் இருக்கும். எல்லாக் கண்ணும் அச்சடித்தது போல ஒரே மாதிரி இருந்து, எடை இல்லாமல், நகத்தால் தட்டினால் மொட்டையாகச் சத்தம் வந்தால் அது பிளாஸ்டிக். சந்தையில் இப்போது அதுதான் மலிவாகக் கிடைக்கிறது. நஸர்கோயிலும் கோரெஜேயிலும் உலை எரிப்பவர்கள் குறைந்துகொண்டே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு இது வருத்தமான செய்தி. மரத்தைச் சுமந்து, கோடையிலும் நெருப்பின் முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, அச்சில் வார்த்த துண்டின் விலையைக் கொடுத்தால், அடுத்த தலைமுறை அந்த இருக்கையில் உட்காராது.

குழந்தைக்குக் குத்துவதில் ஒரு கவனம் வேண்டும். துருக்கியில் வழக்கம், தோளின் பின்புறம் ஊக்கால் குத்துவது. சில சமயம் மாஷல்லா எழுதிய சின்னத் தங்கத் தகடும் கூடவே தொங்கும். பின்புறம் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது: பிள்ளையின் கை எட்டாது. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பருவத்தில் மணி கழன்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்; விரிசல் விட்ட கண்ணாடி உதட்டைக் கிழிக்கும். தூங்கவைக்கும் முன் கழற்றிவிட்டு, தொட்டிலுக்கு எட்டத்தில் சுவரில் மாட்டிவிடுவது நல்லது. அந்த அம்மாவிடம் சொன்னால் அவரும் ஒத்துக்கொள்வார்.

மணியைப் பற்றித் துருக்கியிலேயே எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசின் சமய விவகாரத் துறையான தியானெத், பார்வையின் தீங்கு உண்மை என்பதை ஏற்கிறது. நபிமொழியிலேயே அதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் ஒரு கண்ணாடித் துண்டு காப்பாற்றும் என்று நம்பி அணிவது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று 2021இல் மீண்டும் வலியுறுத்தியது. காக்கும் ஆற்றல் இறைவனுக்கே. ஃபலக், நாஸ் என்ற இரு சிறு அத்தியாயங்களை ஓதுங்கள், மாஷல்லா சொல்லுங்கள் என்பது அவர்கள் நிலை. பக்தியுள்ள வீடுகள் பலவற்றில் இதனாலேயே மணி இருக்காது. சொல் மட்டும் இருக்கும். வேறு பல வீடுகளில் இரண்டும் இருக்கும். ஆகையால் துருக்கிய நண்பர்களுக்கு மணியைப் பரிசாகக் கொண்டுபோகும் முன், அவர்கள் வீட்டில் அது தொங்குகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். மாஷல்லாவை எந்த வீட்டுக்கும் தயங்காமல் கொண்டுபோகலாம். வாசகியின் இரண்டாவது கேள்விக்கும் இதுவே பதில்: அந்த அம்மா மாஷல்லா சொல்லும்போது புன்னகையோடு நன்றி சொன்னால் போதும், அவர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது, வேறு எதுவும் சொல்லும் முன் நீங்கள் அதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கடிதத்தில் கேட்காத ஒன்றை நானாகச் சொல்கிறேன். பிள்ளை காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் 'குர்ஷுன் டோக்மே' செய்யலாம் என்று அன்போடு யோசனை சொல்லக்கூடும். ஈயம் ஊற்றுதல் என்று பொருள். பார்வை பட்டவரை உட்காரவைத்துத் தலைக்குமேல் துணியை விரித்துப் பிடிப்பார்கள். துணிக்கு மேலே தண்ணீர்ப் பாத்திரம். அதைச் செய்யும் உரிமையைப் பெரியவர் ஒருவரிடமிருந்து பெற்ற பெண், உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றுவார். சீறிக்கொண்டு இறுகும் ஈயத்தின் உருவத்தைப் பார்த்து, கூர்கூராக இருக்கிறதா, கண்போலத் துளை விட்டிருக்கிறதா என்று பார்வையின் கடுமையைச் சொல்வார்கள். தலை, வயிறு, கால் என்று மூன்று இடத்தில் செய்வது வழக்கம்.

இதற்கு மட்டும் இணங்காதீர்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். சமையல் அடுப்பின் சூடே அதற்குப் போதும். அடுப்பு அதற்கு மேலும் சூடாகும்போது, கண்ணுக்குத் தெரியாத ஈயப்புகையும் தூளும் எழுந்து அறையெங்கும் படியும். தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அது போய்ச் சேரும். வளரும் மூளைக்கு ஈயம் கேடு, இந்த அளவுக்குள் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவும் அதற்கு இல்லை. தண்ணீரில் விழும்போது கொதித்துத் தெறிக்கும் துளி தோலைச் சுடும் என்பது வேறு. பிள்ளை விடாமல் அழுதால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அம்மாவின் மனமும் நோகக் கூடாது என்றால், ஈயம் வேண்டாம், நீங்கள் ஓதி ஊதிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பிள்ளையை மடியில் வாங்கி ஃபலக்கும் நாஸும் ஓதி, நெற்றியில் மெல்ல ஊதுவார்.

அன்புடன்,
ஆசிரியர்